அறையைக் காலி செய்த பின்னும் அட்டையில் நிற்கும் தொகை

விடுதி அறையைக் காலி செய்து, கட்டணத்தையும் முழுமையாகச் செலுத்திவிட்டு ஊர் திரும்பிய வாடிக்கையாளர்கள், எங்கள் அட்டைச் சேவைப் பிரிவைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது: "பில் தொகையைக் கட்டிவிட்டேன், அறைக்குள் நுழைந்தபோது அட்டையில் பிடித்து வைத்த தொகை ஏன் இன்னும் விடுபடவில்லை?" விடுதியைக் கேட்டால் "எங்களிடம் ஒன்றும் நிலுவையில்லை, உங்கள் வங்கியைக் கேளுங்கள்" என்கிறார்கள். வங்கியைக் கேட்டால் "விடுதியிடமிருந்து தகவல் வர வேண்டும்" என்கிறோம். இரண்டு பதில்களும் உண்மையே. ஆனால் இரண்டையும் கேட்டவருக்குத் தம்மை அலைக்கழிப்பதாகத் தோன்றுவது இயல்பு. ஆகவே அந்தத் தொகை எங்கே, யார் கையில் நிற்கிறது, எப்போது விடுபடும் என்பதைச் சற்று விரிவாகவே இங்கு விளக்குகிறோம்.

வரவேற்பு மேசையில் அட்டையைக் கொடுத்து இரகசிய எண்ணை அழுத்தும்போது, அங்கே நடப்பது பணம் செலுத்துதல் அன்று. தங்கும் நாட்களுக்கான வாடகையோடு, உணவு, சலவை போன்ற உதிரிச் செலவுகளுக்கென ஒரு மதிப்பீட்டையும் சேர்த்து, "இவ்வளவு தொகை இந்த அட்டையில் இருக்கிறதா? இருந்தால் எங்களுக்காக ஒதுக்கி வையுங்கள்" என்று விடுதி கேட்கிறது. இந்தக் கேள்வி விடுதியின் இயந்திரத்திலிருந்து விடுதியின் வங்கிக்கும், அங்கிருந்து அட்டை வலையமைப்பு வழியாக அட்டையை வழங்கிய வங்கிக்கும் வருகிறது. அட்டை வழங்கிய வங்கி சம்மதித்தால் ஓர் ஒப்புதல் எண்ணைத் திருப்பி அனுப்புகிறது. பெரும்பாலும் அது ஆறு இலக்கமாக இருக்கும். இதற்கு முன் அனுமதி என்று பெயர். விடுதிக்காரர்கள் 'ப்ரீ-ஆத்' என்பார்கள். பேச்சு வழக்கில் 'ஹோல்டு' என்கிறோம். அப்போது கிடைக்கும் சீட்டை உற்றுப் பார்த்தால் `SALE` என்பதற்குப் பதிலாக `PRE AUTH` என்றோ அதை ஒத்த வேறு சொல்லோ அச்சாகியிருக்கும்.

இந்த ஒப்புதல் எண்ணைத் தந்த கணத்தில் வங்கி விடுதிக்கு ஒரு வாக்குறுதி அளித்துவிடுகிறது. பின்னர் விடுதி அதே எண்ணைக் காட்டித் தொகையைக் கோரினால் வங்கி மறுக்க இயலாது. கடன் அட்டையாயின் அதுவரை பயன்படுத்தத்தக்க வரம்பு குறைந்து நிற்கும். டெபிட் அட்டையாயின் சேமிப்புக் கணக்கில் அவ்வளவு தொகையை எடுக்க முடியாதபடி நிறுத்தி வைக்கப்படும். மொத்த இருப்பு மாறாது, பயன்படுத்தத்தக்க இருப்பு மட்டும் குறையும். கைபேசிச் செயலியில் இரண்டு எண்கள் வேறு வேறாகத் தெரிவதன் காரணம் இதுவே. (சில வங்கிகளின் டெபிட் அட்டைகளில் தொகை கழிக்கப்பட்டதாகவே குறுஞ்செய்தி வந்துவிடும்; பிறகு விடுபடும்போது வரவாகக் காட்டப்படும். பெயர்தான் வேறு, காரணம் ஒன்றே.)

இனி, அறையைக் காலி செய்யும் நாளுக்கு வருவோம். தொலைபேசியில் அழைப்பவரிடம் எங்கள் அலுவலர் முதலில் கேட்கும் கேள்வி, "எவ்வளவு தொகை நிற்கிறது?" என்பதன்று. "கடைசியில் கட்டணத்தை எப்படிச் செலுத்தினீர்கள்?" என்பதே. எப்போது விடுபடும் என்பதற்கான விடை ஏறக்குறைய முழுவதும் இந்த ஒரு கேள்வியில்தான் அடங்கியிருக்கிறது.

விடுதி, முதலில் பெற்ற அதே ஒப்புதல் எண்ணின் மீதே இறுதிக் கட்டணத்தைப் பதிவு செய்திருந்தால், ஒதுக்கி வைத்த தொகையே கட்டணமாக மாறுகிறது, எஞ்சியது விடுபடுகிறது. அவ்வாறன்றி, விருந்தினர் யுபிஐ வழியாகவோ, ரொக்கமாகவோ, வேறோர் அட்டையிலோ, அதே அட்டையை மீண்டும் ஒரு முறை புதிதாகச் செருகியோ செலுத்தியிருந்தால், அந்தப் புதிய செலுத்துதலுக்கும் பழைய ஒதுக்கீட்டுக்கும் வங்கியின் கணினியைப் பொறுத்தவரை எந்தத் தொடர்பும் இல்லை. யுபிஐ வேறு பாதையில் செல்வது. அட்டையில் என்ன நிற்கிறது என்பதை அது அறியாது. ஆகவே கட்டணமும் போய்விடும், ஒதுக்கிய தொகையும் நிற்கும். விருந்தினர் பார்வையில் இரு முறை பணம் எடுக்கப்பட்டது போலவே இருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கோடு பார்ப்போம். புனேயில் வசிக்கும் வாடிக்கையாளர் ஒருவர், மகளின் கல்லூரிச் சேர்க்கைக்காகத் தில்லிக்குச் சென்று, ஜூலை 30 முதல் மூன்று இரவுகள் ஒரு விடுதியில் தங்குகிறார் என்று கொள்வோம். வரியுடன் நாள் வாடகை 4,500 ரூபாய். உதிரிச் செலவுக்கென நாளொன்றுக்கு 1,500 ரூபாய். ஆக 18,000 ரூபாய் அவருடைய டெபிட் அட்டையில் நிறுத்தி வைக்கப்படுகிறது. அப்போது கணக்கில் இருந்தது 42,000 ரூபாய். பயன்படுத்தத்தக்கது 24,000 ஆகிறது. ஆகஸ்ட் 2 காலையில் இறுதிக் கட்டணம் 14,650 ரூபாய் என்று பில் வருகிறது. மேசையில் யுபிஐ குறியீட்டுப் பலகை இருக்கிறது. கைபேசியில் அதே கணக்கிலிருந்து செலுத்திவிட்டு இரயிலைப் பிடிக்கச் சென்றுவிடுகிறார்.

இப்போது அவருடைய மொத்த இருப்பு 27,350 ரூபாய். பயன்படுத்தத்தக்கதோ 9,350 மட்டுமே. ஆகஸ்ட் 5 அன்று வீட்டுக் கடன் தவணை 11,200 ரூபாய் கணக்கிலிருந்து தானாக எடுக்கப்பட வேண்டும். கணக்கில் போதிய பணம் இருந்தும் தவணை திரும்பிவிடும் நிலை. திரும்பினால் எங்கள் பக்கம் ஒரு கட்டணம், கடன் கொடுத்த நிறுவனத்தின் பக்கம் ஒரு கட்டணம், அதற்கு மேல் கடன் வரலாற்றிலும் ஒரு கறை. மூன்றாம் தேதி காலை அவர் எங்களை அழைக்கிறார். அத்தகைய உரையாடல் ஏறத்தாழ இவ்வாறு நடக்கும்:

"ஐயா, நீங்கள் விடுதிக்குக் கடைசியாகச் செலுத்தியது எந்த வழியில்?"

"யுபிஐ. பதினாலாயிரத்து அறுநூற்று ஐம்பது. ரசீது இருக்கிறது. பிறகு எதற்கு இந்தப் பதினெட்டாயிரம்?"

"அது ஜூலை 30 அன்று விடுதிக்காக ஒதுக்கிய தொகை. இன்னும் உங்கள் கணக்கிலேதான் இருக்கிறது, விடுதிக்குப் போகவில்லை. நீங்கள் யுபிஐயில் செலுத்தியதால், இந்த ஒதுக்கீடு தேவையில்லை என்று விடுதி தன் இயந்திரத்தில் தனியாக இரத்துச் செய்ய வேண்டும். அந்த இரத்து இன்னும் எங்களுக்கு வரவில்லை."

"என் கணக்கு, என் பணம். நான் சொல்கிறேனே, நீங்களே விடுவித்தால் என்ன?"

"நியாயமான கேள்வி ஐயா. நாங்கள் விடுவித்த பிறகு, விடுதி அந்த ஒப்புதல் எண்ணைக் காட்டித் தொகையைக் கேட்டால் நாங்கள் கொடுத்தாக வேண்டும். அப்போது கணக்கில் பணம் இல்லாவிட்டால் சிக்கல் உங்களுக்கும் எங்களுக்கும்தான். 'இனிக் கோரமாட்டோம்' என்று விடுதியே தெரிவித்தால் தடையில்லை."

"அது எப்போது வரும்?"

"விடுதி இன்று இரத்துச் செய்தால், பெரும்பாலும் இன்றோ நாளையோ விடுபட்டுவிடும். ஒன்றுமே செய்யாவிட்டால், ஒதுக்கீட்டின் காலம் முடியும் வரை நிற்கும். ஐந்தாம் தேதி தவணை இருப்பதால் அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். குறைவது 1,850 ரூபாய். நாளை மாலைக்குள் வேறு கணக்கிலிருந்து 2,000 ரூபாயை இதில் சேர்த்துவிடுங்கள். விடுதியிடம் பேசுவதையும் இன்றே செய்யுங்கள்."

கடைசியாகச் சொன்ன அறிவுரை எளியதுதான். ஆனால் கோபத்தில் இருக்கும்போது மறந்துபோவது அதுவே. 2021 ஆகஸ்ட் முதல் தானியங்கித் தவணைகள் ஞாயிறு, விடுமுறை உட்பட எல்லா நாட்களிலும் எடுக்கப்படுகின்றன. 'ஐந்தாம் தேதி ஞாயிறு, ஆகவே ஒரு நாள் கிடைக்கும்' என்ற பழைய கணக்கு இன்று செல்லாது.

விடுதியை அழைக்கும்போது எந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறோம் என்பது முக்கியம். பெரும்பாலோர் "ரீஃபண்ட் போட்டாயிற்றா?" என்று கேட்கிறார்கள். மேசையில் இருப்பவர் பதிவேட்டைப் பார்க்கிறார். அட்டையில் பணம் எதுவும் எடுக்கப்படவில்லை. "ரீஃபண்ட் எதுவும் இல்லை, எல்லாம் சரியாக இருக்கிறது" என்று உண்மையாகவே பதில் சொல்கிறார். ரீஃபண்ட் என்பது எடுத்த பணத்தைத் திருப்பித் தருவது. இங்கே எடுக்கப்படாத பணத்தை விடுவிப்பது. "30ஆம் தேதி என் அட்டையில் எடுத்த ப்ரீ-ஆத்தை இரத்துச் செய்துவிட்டீர்களா? அதன் ஒப்புதல் எண் இது" என்று கேட்டால் அவருக்கு உடனே புரியும். இயந்திரத்தில் அதற்கென `VOID` போன்ற ஒரு தெரிவு இருக்கும். இரத்தானதும் சீட்டு ஒன்று வரும். அதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லலாம். தங்கும் நாட்களை இடையில் நீட்டித்திருந்தால் இரண்டாவதாக ஒரு முன் அனுமதி, வேறோர் ஒப்புதல் எண்ணோடு எடுக்கப்பட்டிருக்கக்கூடும். அதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். ஒன்று விடுபட்டு மற்றொன்று நிற்கும் நேர்வுகளும் உண்டு.

காலை நேரத்தில் அழைத்தால், "இரவு கணக்கு முடிக்கும்போது செய்துவிடுகிறோம்" என்று விடுதியார் சொல்வதுண்டு. இதைத் தட்டிக்கழிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. விடுதிகள் நள்ளிரவுக்குப் பின் அன்றைய கணக்கை முடிப்பது வழக்கம். அறையில் குளிர்பானம் எடுத்தது போன்ற விடுபட்ட செலவுகள் ஏதேனும் உண்டா என்று பார்த்த பின்பே ஒதுக்கீட்டைக் கைவிட அவர்கள் விரும்புவார்கள். ஓர் இரவு பொறுக்கலாம். மூன்று இரவுகள் ஆகியும் அதே பதில் வருமானால், முன்மேசையை விட்டுவிட்டுக் கணக்குப் பிரிவையோ மேலாளரையோ கேட்பது நல்லது.

சில வேளைகளில் நாட்கள் கடந்துவிட்டதால் இயந்திரத்தில் இரத்துச் செய்ய முடியாமல் போகும். அப்போது விடுதி தன் வங்கியின் வழியாக இரத்து அனுப்பலாம். அல்லது எங்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பலாம். அதில் விடுதியின் பெயர், முன் அனுமதி எடுத்த தேதி, தொகை, ஒப்புதல் எண், அட்டையின் கடைசி நான்கு இலக்கங்கள் ஆகியவற்றோடு, 'இத்தொகையைக் கோரமாட்டோம்' என்ற ஒரு வரியும் இருக்க வேண்டும். விடுதியின் சொந்த மின்னஞ்சல் முகவரியிலிருந்தே அது வர வேண்டும். அந்த ஒரு வரி இல்லாமல், 'கட்டணம் பெற்றுக்கொண்டோம்' என்று மட்டும் எழுதி வரும் கடிதங்களை வைத்துக்கொண்டு எங்களால் ஒன்றும் செய்ய இயல்வதில்லை. கட்டணம் பெற்றதை யாரும் மறுக்கவில்லையே.

இப்போது கால அளவைச் சொல்லிவிடலாம். அதே ஒப்புதல் எண்ணின் மீது கட்டணம் முடிக்கப்பட்டிருந்தால், விடுதியின் வங்கி அனுப்பும் கணக்குத் தீர்வு எங்களை வந்தடையப் பொதுவாக ஒன்று முதல் மூன்று வேலை நாட்கள் ஆகும். மேற்சொன்ன எடுத்துக்காட்டில் அவ்வாறு நடந்திருந்தால், 18,000 ரூபாயிலிருந்து 14,650 கட்டணமாகி, மீதம் 3,350 ரூபாய் அதனோடு விடுபட்டிருக்கும், தவணைக்கும் இடரில்லை. விடுதி இரத்து அனுப்பினால், அது நேரடியாக வலையமைப்பில் வரும்போது சில நிமிடங்களிலும், தாமதமாகும்போது ஓரிரு வேலை நாட்களிலும் விடுபடும். யாரும் எதுவும் செய்யாமல் விட்டால் ஒதுக்கீடு தானாகக் காலாவதியாக வேண்டும். விடுதிகளின் மதிப்பீட்டு முன் அனுமதிகளுக்கு அட்டை வலையமைப்புகள் ஏறத்தாழ ஒரு மாதம் வரை இடம் தருகின்றன. அட்டை வழங்கும் வங்கிகளில் சில அதற்கு முன்பே விடுவித்துவிடுகின்றன. உங்கள் அட்டைக்கு எத்தனை நாள் என்பதை அழைப்பின்போது கேட்டால், காலாவதியாகும் தேதியையே அலுவலர் பார்த்துச் சொல்வார். "சில நாட்களில் வந்துவிடும்" என்ற பதிலோடு நிறைவடைய வேண்டாம், தேதியைக் கேளுங்கள்.

விடுபட்டதை எப்படி அறிவது? கணக்கு அறிக்கையில் வரவு வைக்கப்பட்டதாக ஒரு வரியைத் தேடி, அது இல்லாததால் மீண்டும் அழைப்பவர்கள் பலர். நிறுத்தி வைத்தல் முறையில் பணம் வெளியே போகவில்லை. ஆகவே திரும்பி வந்ததாகவும் எந்தப் பதிவும் இராது. பயன்படுத்தத்தக்க இருப்பு உயர்ந்து, மொத்த இருப்போடு ஒன்றாகிவிடுவதே அடையாளம். சேமிப்புக் கணக்கில் அவ்வாறு நின்ற தொகைக்கு அந்த நாட்களுக்கான வட்டியும் உண்டு. கடன் அட்டையில், முன் அனுமதி மாத அறிக்கையில் வாராது. அதற்கு வட்டியும் கிடையாது. வரம்பு மட்டுமே சுருங்கி நிற்கும்.

உண்மையிலேயே இரு முறை கட்டணம் எடுக்கப்பட்டிருக்கும் நேர்வும் உண்டு. விடுதி ஊழியர் ஒருவர் அட்டையில் புதிதாகக் கட்டணம் எடுத்த பின், வேறொருவர் அதை அறியாமல் பழைய ஒப்புதல் எண்ணின் மீதும் பில்லை முடித்துவிடுவார். இதைக் கண்டுகொள்ள வழி, கணக்கு அறிக்கையில் இரண்டு பற்றுகளும் முழுமையாகப் பதிவாகியிருப்பதே. அப்போது அது நிறுத்திவைப்பு அன்று. மெய்யான ரீஃபண்டைக் கோர வேண்டியதாகும். விடுதி தராவிட்டால் இரண்டு சீட்டுகளோடும் பில்லோடும் எங்களிடம் சர்ச்சைப் புகார் அளிக்கலாம்.

ரிசர்வ் வங்கியின் விதியைச் சுட்டிக்காட்டி, "ஐந்து நாளில் விடுவிக்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் தர வேண்டுமே" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். 2019 செப்டம்பர் 20 தேதியிட்ட அந்தச் சுற்றறிக்கை தோல்வியுற்ற பரிவர்த்தனைகளுக்கானது. கடை இயந்திரத்தில் அட்டையைச் செருகி, கணக்கில் தொகை கழிந்தும் கடைக்கு உறுதிப்படுத்தல் வராமல் போனால், பரிவர்த்தனை நாளுக்குப் பின் ஐந்து நாட்களுக்குள் தொகை தானே திரும்ப வேண்டும். தவறினால் அந்த இழப்பீடு உண்டு. அறையைக் காலி செய்யும்போது கட்டணம் செலுத்த முயன்று அவ்வாறு நேர்ந்தால் தயங்காமல் கேளுங்கள். வெற்றிகரமாக எடுக்கப்பட்ட முன் அனுமதி தோல்வியன்று; ஆகவே அந்த விதி இதற்குப் பொருந்தாது. எனினும் விடுதியின் மின்னஞ்சல் எங்களை வந்தடைந்த பிறகும் நாங்கள் தாமதித்தால் அது எங்கள் சேவைக் குறையே. எழுத்து வழிப் புகாருக்கு 30 நாட்களுக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் `cms.rbi.org.in` என்ற தளத்தில் முறையிடலாம்.

விடுதியின் தொலைபேசி எண்ணை இணையத்தில் தேடி எடுக்காமல், கையிலிருக்கும் பில்லில் பார்த்து அழையுங்கள். விடுதியின் பெயரில் போலி எண்களை வைத்துக்கொண்டு, "தொகையை விடுவிக்க ஓடிபி சொல்லுங்கள்", "இந்தச் செயலியை இறக்குங்கள்", "யுபிஐ இரகசிய எண்ணை அழுத்துங்கள்" என்று கேட்போர் உண்டு. முன் அனுமதியை இரத்துச் செய்வது முழுவதும் விடுதியின் இயந்திரத்திலும் வங்கிகளுக்கிடையிலும் நடப்பது; அதற்கு வாடிக்கையாளர் அழுத்த வேண்டிய எண் ஒன்றுகூட இல்லை. அட்டையின் கடைசி நான்கு இலக்கங்களும் ஒப்புதல் எண்ணும் போதுமானவை.

அடுத்த பயணத்தில், கடன் அட்டை வைத்திருப்போர் முன் அனுமதிக்கு அதையே கொடுக்கலாம். தவணைகளுக்கான சேமிப்புக் கணக்கு தொடப்படாமல் இருக்கும். டெபிட் அட்டையைத்தான் கொடுக்க வேண்டுமெனில், "எவ்வளவு தொகை நிறுத்தப் போகிறீர்கள்?" என்று முதலிலேயே கேட்டு, உதிரிச் செலவுக்கான பகுதியைக் குறைக்கச் சொல்லலாம், உணவு முதலியவற்றுக்கு அவ்வப்போது பணம் செலுத்துவதாகச் சொன்னால் பல விடுதிகள் இணங்குகின்றன. கிளம்பும் காலையில் பில் தொகையை எந்த வழியில் கட்டுவதானாலும், கட்டுவதற்கு முன் முதல் நாள் தந்த சீட்டை மேசையில் வைத்து, "இதன் மீதே முடித்துவிடுங்கள், இல்லையென்றால் என் முன்னிலையில் இதை இரத்துச் செய்துவிடுங்கள்" என்று கேளுங்கள். இரத்துச் சீட்டு கைக்கு வர இரண்டு நிமிடம்கூட ஆகாது. இரயிலுக்கு நேரம் இருக்கும்.